ஹேர் டை போடுகிறவள் எடுத்த பாலிசி

காரைக்குடியைச் சுற்றி வீடுகளுக்கே போய் மணப்பெண் அலங்காரம், ஹேர் டை, ஃபேஷியல் செய்கிறேன். முதலில் ஏஜென்ட் காட்டியது பொதுப் பொறுப்பு பாலிசி. என் ஒயரில் தடுக்கி யாராவது விழுந்தால் அது கொடுக்கும். டை பட்டு நெற்றி வீங்கினால் கொடுக்காது. அது நான் செய்த வேலையால் வந்த பாதிப்பு என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியதே அதுதானே! அதனால் நான் செய்யும் வேலையால் வரும் பாதிப்பையும் ஏற்கும் சிகிச்சைப் பொறுப்பு சேர்ந்த பாலிசியாகக் கேட்டேன்.

அதிலும் விலக்குகள் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். விண்ணப்பத்தில் எழுதாத சேவைக்குப் பணம் இல்லை. லேசர், கெமிக்கல் பீல் அறவே இல்லை. முன்பே தோலில் துளி தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யாத டைக்கும் இல்லை. வேலை பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் அதுவும் நம் பாடு. சரி என்று செய்யும் வேலை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியலில் ஏற்றச் சொன்னேன்.

கறுப்பு டையில் பிபிடி என்ற ரசாயனம்தான் பெரும்பாலும் அலர்ஜி தருகிறது. போன முறை டை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் இந்த முறை வரலாம். அதனால் 48 மணி நேரம் முன்பே போய், டை போடப்போகும் ஆச்சியின் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, தேதி, பிராண்ட், ஷேட் எழுதி நோட்டில் கையெழுத்து வாங்குகிறேன். அரிப்போ சிவப்போ இருந்தால் டை கிடையாது. புகார் வந்தால் "என் தப்புதான், செலவை நானே தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காமல் முதலில் கம்பெனிக்கு எழுதிவிட வேண்டும். கேட்காமல் பொறுப்பேற்றால் கிளெய்மையே மறுக்கலாம்.