சின்ன கல்யாண மண்டபத்துக்கு ப்ரோஷர் எழுதறீங்களா? "நியாயமான கட்டணம்"னு மட்டும் போட்டு விட்டுடாதீங்க

சின்ன மண்டபம் வெச்சிருக்கிறவங்க ப்ரோஷர்ல சொல்ல நினைக்கிறது பெரும்பாலும் மூணே விஷயம்தான். எல்லா வசதியும் இருக்கு, நல்லா பாத்துக்குவோம், ரேட் கட்டுப்படியாகும். மூணும் உண்மையாவே இருக்கலாம், ஆனா அச்சாகி வர்றப்ப "சகல வசதிகளுடன், அன்பான உபசரிப்பு, நியாயமான கட்டணம்"னு ஆகிடும், அதே வரி பெரிய மண்டபத்தோட ப்ரோஷர்லயும் இருக்கும், இடிஞ்சு விழற மண்டபத்தோட ப்ரோஷர்லயும் இருக்கும். படிக்கிறவர் நாலஞ்சு ப்ரோஷரை மேஜையில பரப்பிட்டு பேனாவும் பேப்பருமா உக்காந்திருக்கார், அவர் தேடறது கணக்குல எழுதிக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு. அது கிடைக்கலைன்னா அந்த ப்ரோஷர் அடியில போயிடும்.

முதல்ல ரேட்டைப் பத்தி பேசிடுவோம், ஏன்னா நிறைய பேர் சறுக்கறது இங்கதான். நம்பரே போடாம "கட்டணத்துக்கு தொடர்பு கொள்ளவும்"னு விடறது ஒரு தப்பு. பெரிய மண்டபத்துக்கு அது செல்லும், அங்க போறவங்க ரேட் அதிகமாத்தான் இருக்கும்னு தெரிஞ்சே போறாங்க. உங்க பலமே ரேட்தான்னா அதை ஏன் ஒளிச்சு வைக்கணும்? அதைவிட மோசம், ஒரு நம்பரை பெருசா போட்டு பக்கத்துல "முதல்"னு பொடி எழுத்துல போடறது. முகூர்த்தமே இல்லாத வார நாள்ல, அரை நாள் வாடகைக்குத்தான் அந்த ரேட்னு போன் பண்ணினப்புறம்தான் தெரியும், அதுக்கு மேல நீங்க சொல்ற எதையும் அந்த வீட்டுக்காரர் பாதிதான் நம்புவார்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. உங்க வாடகை 100 பங்குன்னு வெச்சுக்கோங்க. கரண்ட் தனின்னு 14, க்ளீனிங் 8, மேடை சோபாவுக்கு 5, காலி பண்ண ரெண்டு மணி நேரம் லேட் ஆனதுக்கு 10. கடைசியில கையை விட்டு போனது 137. அடுத்த தெருவுல ஒரு மண்டபம் எல்லாம் சேர்த்து 125னு போட்டிருந்தது, ஆனா ப்ரோஷர்ல நீங்கதான் கம்மியா தெரிஞ்சீங்க, புக்கிங்கும் உங்களுக்கு வந்துச்சு. சந்தோஷம்தான், ஆனா கல்யாணம் முடிஞ்ச களைப்புல செட்டில்மெண்ட் பண்ண வந்து நிக்கிறவர்கிட்ட அந்த 37ஐ ஒவ்வொண்ணா சொல்லும்போது அவர் முகத்தை பாத்திருப்பீங்க. சின்ன மண்டபம் ஓடறதே ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வர்றதுலதான், அந்த வரவு அன்னிக்கே நின்னுடும்.

அதனால எது அடக்கம், எது தனி, இந்த ரெண்டையும் ஒரே இடத்துல, ஒரே சைஸ் எழுத்துல போடுங்க. அதோட "ஒரு நாள் வாடகை"ன்னா எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்னு கட்டாயம் சொல்லணும். உங்களுக்கு ஒரு நாள்னா காலையில 6லேருந்து ராத்திரி 10, அலங்காரம் பண்றவருக்கு அது முந்தின நாளே ஆரம்பிச்சாகணும், சண்டை அங்கதான் கிளம்பும். இப்படி எழுதிப் பாருங்க:

"முதல் நாள் மதியம் 2 மணிக்கு சாவி உங்க கையில. மறுநாள் சாயங்காலம் 4 மணிக்கு திருப்பிக் கொடுத்தா போதும். இந்த 26 மணி நேரத்துக்கும் ஒரே வாடகை. நாற்காலி, மேடை சோபா, லைட், ஃபேன், தண்ணி, கடைசியில கூட்டித் துடைக்கிறது எல்லாம் இதுலயே அடக்கம். ஏசிக்கு மட்டும் தனி மீட்டர் இருக்கு, சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்களை பக்கத்துல வெச்சே ரீடிங் எழுதிக்குவோம். 4 மணிக்கு மேல முதல் அரை மணி நேரத்துக்கு காசு இல்ல, அப்புறம் மணிக்கு இவ்வளவு."

இதுல "நியாயம்"ங்கிற வார்த்தையே இல்ல, கவனிச்சீங்களா. ரீடிங்கை கூட வெச்சு எழுதறதும் அந்த அரை மணி நேரமும் அதை சொல்லிடுது. "இவ்வளவு"ங்கிற இடத்துல நிஜ தொகையை போடுங்க, வரி தனின்னா அதையும் சேர்த்து மொத்தமா காட்டுங்க. டெபாசிட் வாங்கறீங்கன்னா எப்ப திரும்ப வரும், எதுக்கெல்லாம் பிடிப்பீங்க, தேதி மாறினாலோ கேன்சல் ஆனாலோ அட்வான்ஸ் என்ன ஆகும்னு ஒரு ரெண்டு வரி. கேன்சல் விஷயத்தை கல்யாண ப்ரோஷர்ல எப்படி போடறதுன்னு சிலர் தயங்குவாங்க, ஆனா போன்ல கேக்க கூச்சப்பட்டுட்டு எல்லார் மனசுலயும் ஓடற கேள்வி அதுதான்.

அடுத்த வருஷம் ரேட் ஏத்தினா அடிச்ச ப்ரோஷர் எல்லாம் வேஸ்ட் ஆயிடுமேன்னு ஒரு பயம் இருக்கும், நியாயமான பயம்தான். ரேட்டை மட்டும் தனி சீட்டா அடிச்சு உள்ள சொருகிடுங்க, அதுல "இந்த தேதி வரைக்கும் புக் பண்றவங்களுக்கு இந்த ரேட்"னு தேதியோட போடுங்க. ரேட் மாறினா சீட்டை மட்டும் மாத்தினா போதும்.

அடுத்தது எத்தனை பேர் கொள்ளும்ங்கிற விஷயம். இதுல எல்லாரும் கொஞ்சம் ஊதித்தான் போடறாங்க. ஹால் மொத்தம் 2400 சதுர அடின்னு வெச்சுக்குவோம். மேடை, மேடைக்கு முன்னாடி போட்டோக்காரங்க நிக்கிற இடம், நடை எல்லாம் சேர்ந்து 600 போயிடும், மிச்சம் 1800. வரிசையா நாற்காலி போட்டா ஆளுக்கு 8 சதுர அடின்னு வெச்சா 225 பேர், வட்ட மேஜை போட்டு உக்கார வெச்சா ஆளுக்கு 12 ஆகும், 150 பேர்தான். ஆனா ப்ரோஷர்ல "400 பேர்"னு இருக்கும், எப்படின்னா வெறும் ஹால்ல எல்லாரையும் நிக்க வெச்சு போட்ட கணக்கு அது. அதை நம்பி 350 பேரை கூப்பிட்டவங்க, வந்த பெரியவங்க சுவத்தோரமா நிக்கறதை பாத்துட்டு உங்களைத்தான் திட்டுவாங்க. உங்க லைசன்ஸ்லயோ தீயணைப்பு அனுமதியிலயோ ஒரு எண்ணிக்கை இருந்தா அதை தாண்டி போடவே கூடாது, அது பேச்சுக்கே இடமில்ல.

எழுத வேண்டியது மூணு நம்பர்: மேடைக்கு இடம் போக நாற்காலியில எத்தனை பேர், வட்ட மேஜைன்னா எத்தனை, சாப்பாட்டு ஹால்ல ஒரே நேரத்துல எத்தனை பேர். சாப்பாட்டு ஹால்ல 75 பேர்னா 225 பேரும் சாப்பிட்டு முடிக்க மூணு தடவை உக்காரணும், ஒரு தடவைக்கு 40 நிமிஷம்னா ரெண்டு மணி நேரம். இதை படிக்கிறவரே போட்டுக்குவார், நீங்க நம்பரை மட்டும் கொடுத்தா போதும். முடிஞ்சா இன்னொரு வரியும் சேருங்க, "225 பேருக்கு மேல வருவாங்கன்னா எங்க ஹால் பத்தாது". எழுத கை வராது, தெரியும். ஆனா ஒரு ப்ரோஷர்ல இப்படி ஒரு வரி இருந்தா மத்த நம்பர் எல்லாத்தையும் ஆளுங்க நம்புவாங்க, 180 பேர் கல்யாணத்துக்கு இடம் தேடறவர் இது நமக்குன்னே கட்டினதுன்னு நினைப்பார்.

வசதிங்கிற பேர்ல "பார்க்கிங், லிஃப்ட், மணமகள் அறை"ன்னு பட்டியல் போடறது அடுத்த தப்பு. பார்க்கிங்னா எத்தனை கார்? பாட்டி ஹாலுக்குள்ள வர எத்தனை படி ஏறணும், வீல்சேர் போக சாய்தளம் இருக்கா, டாய்லெட் அதே மாடியிலதானா, மணமகள் ரூம்ல கண்ணாடி பக்கத்துல ப்ளக் பாயிண்ட் இருக்கா. "வாசல்ல 3 படி, பக்கத்துலயே சாய்தளம், அப்புறம் ஹால், டாய்லெட், சாப்பாடு எல்லாம் ஒரே தளம்"னு ஒரு வரி எழுதினா வசதிங்கிற வார்த்தை தானா வந்துடும். லிஃப்ட் இல்லைன்னா இல்லைன்னே போடுங்க.

அன்பு, உபசரிப்பு பக்கம் வந்தா, "உங்கள் குடும்பத்தில் ஒருவராக"ன்னு எழுதிட்டு, அதே ப்ரோஷரோட பின்பக்கத்துல "வெளி சமையல்காரர்களுக்கு அனுமதி இல்லை, சுவரில் ஆணி அடித்தால் அபராதம் விதிக்கப்படும், நிர்வாகத்தின் முடிவே இறுதியானது"ன்னு வரிசையா மிரட்டியிருப்பாங்க. எந்த குடும்பத்துல இப்படி பேசறாங்க? விதி வேணும்தான், இல்லைன்னா சுவர் மிஞ்சாது, ஆனா அதையே வேற மாதிரி சொல்லலாம். "அலங்காரம் கட்டறதுக்கு சுவர் முழுக்க கொக்கி போட்டிருக்கோம், ஆணி அடிக்க வேண்டாம், கொக்கி பத்தலைன்னா சொல்லுங்க, ஏணியோட ஆள் வருவார்." விதி அப்படியேதான் இருக்கு, ஆனா படிக்கிறவருக்கு தன்னை யாரோ பாத்துக்கறாங்கன்னு தோணுது.

உபசரிப்பை காட்டறதுக்கு சின்ன மண்டபத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கு, ஆளு ஒருத்தர்தான். புக் பண்ணும்போது பேசினவரே கல்யாணத்தன்னிக்கும் இருப்பார்னா அதை அப்படியே எழுதுங்க: "நீங்க முதல்ல பேசற ஆள்தான் கல்யாணத்தன்னிக்கு சாவி கொடுக்கறதுலேருந்து கடைசி நாற்காலியை மடக்கற வரைக்கும் இங்க இருப்பார், போன் நம்பரும் அதேதான்." அவருக்கு அன்னிக்கு வேற வேலை வர வாய்ப்பு இருக்குன்னா எழுதவே எழுதாதீங்க. செய்ய முடியாத உபசரிப்பை அச்சுல போடறது புகாரை நீங்களே எழுதி கொடுக்கற மாதிரி.

போட்டோ பத்தி ஒண்ணே ஒண்ணு. காலி ஹாலை வைட் ஆங்கிள்ல எடுத்து ஓடுபாதை நீளத்துக்கு காட்டாதீங்க, நேர்ல வந்து கதவை திறந்ததும் "இவ்வளவுதானா"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கப்புறம் என்ன பேசினாலும் பேரம்தான். நாற்காலி போட்டு ஆளுங்க உக்காந்திருக்கிற படம் போடுங்க, அதுல இருக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு.

மடிப்பையும் பாத்துக்கணும். ஏ4 பேப்பரை மூணா மடிச்சா 297 மில்லிமீட்டர்ல ஒரு பக்கம் சுமார் 99, உள்ள மடியற பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா இருந்தாத்தான் சுருங்காம படியும், அதை பிரஸ்ல பாத்துக்குவாங்க. உங்க வேலை எதை எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றது. முன்பக்கத்துல கோபுர படமும் வாழ்த்துக் கவிதையும் போட்டு நிரப்பாம பேர், இடம், நாற்காலியில எத்தனை பேர், இது மட்டும். திறந்ததும் நேரமும் ரேட்டும். போன் நம்பரும் வழியும் பின்பக்கம்.

பிரஸ்ஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ப்ரூஃபை மண்டபத்தை பாக்காத ஒருத்தர்கிட்ட கொடுத்து மூணு கேள்வி கேளுங்க: 200 பேர் வந்தா உக்கார இடம் இருக்குமா, மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்கு காலி பண்ணணும். பேப்பரை பாத்து அவரால சொல்ல முடியலைன்னா இன்னும் அச்சுக்கு போக வேண்டாம். சொல்லிட்டார்னா, அதுல இருக்கிற போன் நம்பருக்கு அவர் போன்லேருந்தே ஒரு கால் போட சொல்லுங்க, யார் எடுக்கறாங்கன்னு பாக்கலாம்.