பீனட் பட்டரின் மேல் மிதக்கும் எண்ணெய்: ஜாடியைத் திறந்த பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறுத்த வேர்க்கடலையையும் உப்பையும் மட்டும் சேர்த்து அரைத்த பீனட் பட்டரை வாங்கித் திறக்கும்போது, மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் நிற்பதைக் கண்டு, அது கெட்டுவிட்டதென்று எண்ணிக் கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயைக் குறைத்தால் கொழுப்பும் குறையும் என்று அதை வடித்துக் கொட்டிவிட்டு, அடியில் இருப்பதை மட்டும் உண்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வழக்கம்தான் ஜாடியின் மீதிப் பகுதியை வீணாக்குகிறது.

வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அரைக்கும்போது பருப்பின் நுண்ணறைகள் உடைந்து எண்ணெய் வெளியே வருகிறது. புரதமும் நாரும் கொண்ட துகள்கள் அதைவிடக் கனமானவை என்பதால் நாளடைவில் அடியில் படிகின்றன. எண்ணெய் பிரியாத வகைகளில், அறை வெப்பத்திலும் உறைந்தே இருக்கும் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். ஆகவே எண்ணெய் பிரிந்து நிற்பது அந்தக் கொழுப்பு சேர்க்கப்படவில்லை என்பதையே காட்டும். பண்டம் கெட்டதைக் காட்டாது.

அந்த எண்ணெயை வடித்துவிட்டால் அடியில் மிஞ்சுவது ரொட்டியில் தடவ வராத, உதிர்ந்து விழும் வறண்ட கட்டி. அதை இளக்குவதற்காகச் சிலர் தண்ணீரோ பாலோ விடுகிறார்கள். சிறிதளவு தண்ணீர் பட்டால் பீனட் பட்டர் இளகாது, மேலும் இறுகித் திரளும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: பீனட் பட்டரில் ஈரம் மிகக் குறைவு என்பதால்தான் அதில் பூஞ்சை வளர்வதில்லை, நாமே ஈரத்தைச் சேர்த்தால் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஈரக் கரண்டியை உள்ளே விடுவதும், ஜாம் தடவிய கத்தியை மீண்டும் ஜாடிக்குள் விடுவதும் இதே தவறின் சிறிய வடிவங்கள்தாம்.

செய்ய வேண்டியது கிளறுவதுதான். திறப்பதற்கு முன் ஜாடியை மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் தலைகீழாக வைத்தால் எண்ணெய் அடிப்பக்கம் நோக்கி நகரும். பிறகு நீண்ட, உலர்ந்த கத்தியை அடிவரை இறக்கி மெதுவாகக் கிளற வேண்டும். ஜாடி நிறைந்திருந்தால் எண்ணெய் வழியும். அகலமான பாத்திரத்தில் கொட்டிக் கலந்து திரும்ப நிரப்புவது எளிது. நன்றாகக் கலந்த பிறகே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாவதால் கலவை மீண்டும் பிரிவது வெகுவாகக் குறையும். கலக்காமல் உள்ளே வைத்தால் மேலே உறைந்த எண்ணெயும் கீழே கல் போன்ற கட்டியுமாக நின்றுவிடும்.

எத்தனை நாள் தாங்கும் என்பதில் செய்யும் தவறு, அட்டையில் அச்சிட்ட தேதியை அப்படியே நம்புவது. அது திறக்காத ஜாடிக்கான தேதி. திறந்த பின், கொழுப்பு சேர்த்த வகை குளிர்ந்த அலமாரியில் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். எண்ணெய் பிரியும் வகைக்கு வெளியில் ஒரு மாதமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு முதல் ஆறு மாதமும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடுப்பின் அருகே, கோடைக்கால வெப்பத்தில் வைத்தால் அந்த ஒரு மாதமும் நிற்காது. வால்நட் போன்றவற்றின் எண்ணெய் இன்னும் விரைவில் கெடும் என்பதால், அவற்றைத் திறந்த நாளிலிருந்தே குளிரில் வைப்பது நல்லது.

ஒரு கிலோ ஜாடியை எடுத்துக்கொள்வோம். இரண்டு மேசைக்கரண்டி என்பது ஏறக்குறைய 32 கிராம். வீட்டில் ஒருவர் மட்டும் தினமும் அவ்வளவு உண்டால் 31 நாளில் தீரும். ஒன்றுவிட்டு ஒரு நாள் உண்டால் இரண்டு மாதம் ஆகும். இந்த இரண்டாமவர், முதல் நாளே முழுவதையும் கிளறி, இரண்டு வாரத்துக்குத் தேவையான 225 கிராம் அளவை மட்டும் சிறிய உலர்ந்த பாட்டிலில் எடுத்து வெளியில் வைத்துக்கொண்டு, மீதியைக் குளிரில் வைத்துவிடலாம். பெரிய ஜாடியை வெளியிலேயே வைத்துத் தினமும் திறந்தால், அது காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடுகிறது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் எண்ணெயைக் காறச் செய்கிறது.

காறிவிட்டதா என்பதை மூக்குதான் முதலில் சொல்லும். வறுத்த கடலை மணம் மங்கி, பெயின்ட் அல்லது பழைய எண்ணெயின் சிக்கு வாடை வரும். நாவில் வைத்தால் கசந்து தொண்டையில் காறும். குளிர்ந்த நிலையில் வாடை எளிதில் தெரியாது என்பதால், ஒரு கரண்டி எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பின் முகர்ந்து பார்க்க வேண்டும். காறியதைக் கிளறியோ சூடாக்கியோ மீட்க முடியாது. பூஞ்சை கண்ணில் பட்டாலோ, அந்த இடத்தை மட்டும் வழித்தெடுப்பதில் பயனில்லை; வேர்க்கடலையில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சைச் சுரப்பவை, அது சமையல் சூட்டிலும் முழுமையாக அழியாது. ஜாடி முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.