ஒற்றைப் பிளவுக் கோணல்: மையப் பட்டையின் அகலத்தை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தரம் முடித்து வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ பௌதிகவியல் படிக்கச் செல்லும் மாணவர்களின் பரிசோதனைப் பதிவேடுகளில், ஒற்றைப் பிளவுக் கோணல் பற்றிய பக்கங்களைப் பார்த்தால், சமன்பாடு சரியாகவும் விடை சரிபாதியாகவும் இருப்பதை அடிக்கடி காணலாம். பெருக்கலில் பிழை இருக்காது. எதை அளந்தோம், அளந்ததைச் சமன்பாட்டில் எந்த எழுத்துக்கு ஈடாகப் பிரதியிட்டோம் என்பதில்தான் பிழை இருக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி, 0.10 மில்லிமீற்றர் அகலமுள்ள பிளவின் ஊடாகச் சென்று, 2.00 மீற்றர் தூரத்திலுள்ள வெள்ளைத் தாளில் விழுகிறது. நடுவில் பிரகாசமான அகன்ற பட்டையும், அதன் இரு புறமும் மங்கிக்கொண்டே செல்லும் ஒடுங்கிய பட்டைகளும், அவற்றுக்கிடையே இருண்ட இடங்களும் தெரியும். இருண்ட இடங்களையே இழிவுகள் என்கிறோம். அவற்றுக்கான நிபந்தனை இது:

a sin θ = mλ, m = ±1, ±2, ±3, …

முதலாவது தவறு இந்த வரியை வாசிப்பதிலேயே தொடங்குகிறது. இரட்டைப் பிளவுத் தலையீட்டில் இதே வடிவமுள்ள d sin θ = mλ என்ற சமன்பாடு பிரகாசமான இடங்களைத் தருவதால், இங்கும் அது பிரகாசத்தையே குறிக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கின்றனர். அங்கே d என்பது இரண்டு பிளவுகளுக்கு இடையிலான தூரம். இங்கே a என்பது ஒரே பிளவின் அகலம். பிளவின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் கதிர்களுக்கிடையே பாதை வித்தியாசம் சரியாக ஓர் அலைநீளமாக இருக்கும்போது, பிளவை மனத்தில் இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பாருங்கள். மேற்பாதியிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும், அதிலிருந்து a/2 தூரம் கீழே ஒரு சோடிப் புள்ளி கீழ்ப்பாதியில் உண்டு. அந்த இரண்டுக்கும் பாதை வித்தியாசம் அரை அலைநீளம் என்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. சோடியில்லாமல் எதுவும் மிஞ்சாததால் அங்கே இருள். பாதை வித்தியாசம் ஒன்றரை அலைநீளமானால் பிளவை மூன்று பங்குகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பங்குகள் அழிந்து ஒன்று மிஞ்சும். அதனால்தான் ஏறத்தாழ அந்த இடத்தில் முதலாவது பக்கப் பட்டை தோன்றுகிறது. அதன் செறிவு மைய உச்சத்தின் செறிவில் 5 சதவீதத்தையும் எட்டுவதில்லை.

இந்தக் காரணத்தை விளங்கிக்கொண்டால் m = 0 ஏன் பட்டியலில் இல்லை என்பதும் விளங்கும். நேர்முன்னே செல்லும் கதிர்களுக்கிடையே பாதை வித்தியாசமே இல்லை. எல்லாம் ஒரே அவத்தையில் சேர்வதால் கோலத்தின் மிகப் பிரகாசமான புள்ளி அதுவே. அங்கே இழிவு இல்லாததால், மையப் பட்டை m = −1 இழிவிலிருந்து m = +1 இழிவு வரை தடையின்றி நீள்கிறது. பிளவிலிருந்து திரைக்குள்ள தூரம் D எனின், கோணங்கள் சிறியவையாக இருக்கையில் மையத்திலிருந்து முதல் இழிவின் தூரம் λD/a ஆகும். நம் உதாரணத்தில் அது 13 மில்லிமீற்றர். மையப் பட்டையின் முழு அகலம் 2λD/a, அதாவது 26 மில்லிமீற்றர். பக்கப் பட்டை ஒவ்வொன்றின் அகலமும் 13 மில்லிமீற்றர்தான். திரையில் இழிவிலிருந்து இழிவு வரை 26 என்று சரியாக அளந்துவிட்டு, அதை λD/a என்பதற்கு ஈடாகப் பிரதியிட்டால் பிளவின் அகலம் 0.05 மில்லிமீற்றர் என்று வரும். இதுதான் அந்தச் சரிபாதி விடை.

இதைவிட நுட்பமான தவறு எண்ணிக்கையில் நிகழ்கிறது. வழுவைக் குறைப்பதற்காக இடப்புற மூன்றாம் இழிவிலிருந்து வலப்புற மூன்றாம் இழிவு வரை அளந்து, வரும் நீளத்தைப் பங்கிடுவது நல்ல முறை. நம் உதாரணத்தில் அந்த நீளம் 78 மில்லிமீற்றர். அதற்குள் பிரகாசமான பட்டைகள் ஐந்து இருப்பதைக் கண்டு ஐந்தால் வகுத்தால் 15.6 கிடைக்கும், அதிலிருந்து பிளவின் அகலம் 0.083 மில்லிமீற்றர் என்று வரும். மையப் பட்டை இரண்டு பங்குக்குச் சமம் என்பதால் ஆறால் வகுப்பதே சரி. பாதியாக வரும் விடை கண்ணை உறுத்தும், ஆனால் 0.083 என்ற விடை பரிசோதனை வழு போலத் தோன்றி எளிதில் தப்பிவிடுகிறது. ஆகவே இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பட்டைகளை எண்ணாமல், இழிவுகளுக்கு −3, −2, −1, +1, +2, +3 என்று தாளிலேயே பென்சிலால் இலக்கமிட்டு, இலக்கங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் இந்தக் குழப்பம் எழாது.

பட்டையின் ஓரம் எது என்பதைக் கண் தீர்மானிப்பதும் ஏமாற்றக்கூடியது. மையப் பட்டை கோடு கிழித்தாற்போல் முடிவதில்லை. மையத்திலிருந்து படிப்படியாக மங்கி இருளுக்குச் செல்கிறது. செறிவு பாதியாகக் குறையும் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் நம் உதாரணத்தில் ஏறக்குறைய 11.5 மில்லிமீற்றர்தான், அதாவது முழு அகலத்தின் பாதிக்கும் குறைவு. யன்னல் வழியே பகல் வெளிச்சம் விழும் அறையில், வெளிச்சமாகத் தெரியும் பகுதியை மட்டும் அளப்பவருக்கு 26 ஒருபோதும் கிடைக்காது. அளந்த அகலம் குறைவதால், பிளவு உண்மையில் இருப்பதைவிட அகன்றதாகக் கணக்கில் வந்துவிடும். யன்னல்களை மூடி, இருண்ட இடத்தின் நடுப்புள்ளியைத் தேடிக் குறித்த பின்னரே மீற்றர் கோலை வைக்க வேண்டும். தாளில் விழும் கோலத்தை மட்டுமே பார்க்க வேண்டும்; பிளவின் ஊடாக லேசரை நோக்கி ஒருபோதும் பார்க்கக் கூடாது.

சமன்பாட்டின் எல்லைகளை மறப்பதும் ஒரு தவறே. 2λD/a என்பது சைனையும் தாஞ்சனையும் ஒன்றாகக் கொண்டு பெறப்பட்டது. நம் உதாரணத்தில் கோணம் அரைப் பாகைக்கும் குறைவு என்பதால் அதில் குறையில்லை. பிளவின் அகலம் 2 மைக்குரோமீற்றராக இருந்தால் sin θ = 0.325, கோணம் ஏறக்குறைய 19 பாகை. முதல் இழிவு மையத்திலிருந்து 0.65 மீற்றரில் அல்ல, D tan θ தரும் 0.69 மீற்றரில் இருக்கும். பிளவின் அகலம் அலைநீளத்தைவிடக் குறைந்தால் sin θ ஒன்றைத் தாண்ட வேண்டியிருப்பதால் இழிவு என்பதே கிடையாது.

மறுபக்கத்தில், பிளவு மிக அகன்றிருந்தாலும் இந்தச் சமன்பாடு பொருந்தாது. திரையின் தூரம் a²/λ என்பதைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது பிரவுன்ஹோபர் கோணலின் நிபந்தனை. 0.10 மில்லிமீற்றர் பிளவுக்கு அந்த அளவு 1.5 சென்ரிமீற்றர் மட்டுமே. 2 மீற்றர் தாராளமாகப் போதும். அதே மேசையில் 1 மில்லிமீற்றர் பிளவை வைத்தால் அந்த அளவு 1.5 மீற்றராகிவிடும், அப்போது திரையில் தெரியும் கோலத்தை 2λD/a கொண்டு விளக்க முயல்வது வீண். திரையை மிகத் தூரத்துக்குக் கொண்டு செல்ல இடமில்லாவிட்டால், பிளவுக்குப் பின்னால் குவிவு வில்லையொன்றை வைத்து அதன் குவியத்தளத்தில் திரையை நிறுத்தலாம். அப்போது D இருந்த இடத்தில் வில்லையின் குவியத்தூரம் f வரும், பிளவிலிருந்து திரைக்குள்ள தூரம் கணக்கில் வராது.