அப்பாவின் மொத்த மளிகைக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதல் வருடத்தில் செய்யும் தவறுகள்

திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கமுள்ள மொத்த மளிகைக் கடைகளில் அடுத்த தலைமுறை வந்து உட்காரும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பெயர் கெடுகிறது. அது பாக்கி வசூல். அதற்கு முன், கடைக்கு வருவதற்கு முன்னால் வெளியே வேலை பார்ப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

வெளியே போவது நல்லதுதான். ஆனால் அப்பாவுக்குச் சரக்கு தருகிறவரின் கடையிலோ சொந்தக்காரர் கடையிலோ சேர்வது வீண். அங்கே உங்களை விருந்தாளியாகத்தான் நடத்துவார்கள், தப்பு செய்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள். யாரும் உங்களை அறியாத ஊரில், ஏதாவது கம்பெனியின் விற்பனைப் பிரிவில் லைன் பார்த்து, மாத இலக்கும் வசூலும் உங்கள் தலையில் விழும்படி இரண்டு வருடம் இருங்கள். முதல் வருடம் சீசனைப் புரிந்துகொள்ளவே போய்விடும், இரண்டாவதில்தான் கை பழகும். எப்போது திரும்புவது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, செக்கில் கையெழுத்துப் போட வேறு ஆளும் இல்லை என்றால் வெளியே போகவே கூடாது. நேராகக் கடைக்கு வருவதுதான் சரி.

இனி பாக்கி. வெளியே 30 நாள் கடன் என்ற ஒழுங்கில் பழகியவர், கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் 90 நாள் தாண்டிய பாக்கிகளைச் சிவப்பில் பார்க்கிறார். அந்த வாரமே போன் போட்டு, "பாக்கி தீர்ந்தால்தான் சரக்கு" என்கிறார். சேரன்மகாதேவி பக்கத்து கிராமக் கடைக்காரர் மறுவார்த்தை பேசாமல் வேறு மொத்தக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கத் தொடங்குவார். பழைய பாக்கி அப்படியே நிற்கும், வியாபாரமும் போய்விடும். அவரிடம் கடன் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நெல் விவசாயிகளும் வயல் வேலைக்குப் போகிறவர்களும். மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்தால்தான் அவர் கையில் பணம் புரளும். பாபநாசம் அணையில் நீர் போதாமல் கார் சாகுபடி நடக்காத வருடத்தில் இடைப்பட்ட வசூலும் தள்ளிப்போகும்.

ஆகவே எத்தனை நாள் பாக்கி என்று பார்ப்பதை விட்டு, பேரேட்டில் மூன்று வருடத்துச் சித்திரைத் தொடக்கத்துப் பாக்கியை எடுத்துப் பாருங்கள். வருடத்தில் பாக்கி மிகக் குறைவாக நிற்கும் நேரம் அது. ஒரு கடைக்கு இப்போது 1,80,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். சித்திரைப் பாக்கி மூன்று வருடமும் 40,000 அளவிலேயே இருந்தால் அவர் நல்ல வாடிக்கையாளர், மற்றதெல்லாம் சீசன் ஏற்ற இறக்கம். அதுவே 40,000, 75,000, 1,10,000 என்று ஏறியிருந்தால் 70,000 ரூபாய் சிக்கிக்கொண்டது என்று பொருள். அவர் மாதம் 60,000 ரூபாய்க்கு வாங்கி, நமக்கு நூற்றுக்கு மூன்று நின்றால் லாபம் 1,800. அந்த 1,10,000-க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி போட்டால் மாதம் 1,100 போய்விடும்.

கணக்கு புரிந்தபின்னும் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். கடனைக் கொடுத்தது அப்பாவும் கணக்குப்பிள்ளையும்தான். என்ன வாக்கு கொடுத்திருந்தார்கள் என்பது பேரேட்டில் இருக்காது. கணக்குப்பிள்ளையோடு லைனுக்குப் போய், "அண்ணாச்சி, பழைய எழுபதாயிரத்தைத் தனியா ஒதுக்கிருவோம். லோடுக்கு மூவாயிரத்து ஐநூறு மட்டும் சேர்த்துக் குடுங்க, புதுச் சரக்குக்கு வழக்கம்போலப் பணம் குடுங்க" என்று பேசலாம். மாதம் இரண்டு லோடு போனால் பத்து மாதத்தில் தீரும். தீர்ந்த ஒவ்வொரு தொகையையும் அவர் முன்னாலேயே சிட்டையில் எழுதுங்கள்.

அதே நாளில் பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடனாகக் கொடுத்த சரக்குக்குப் பொதுவாக மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். கெடு முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதலுக்கு இந்தப் பலன் கிடையாது. சந்தேகப்பட்டுக் கேட்பதுபோலத் தோன்றாமலிருக்க, எல்லா வாடிக்கையாளரிடமும் வருடக் கணக்கு முடிக்கும் பங்குனியில் வாங்குவது நல்லது.

இன்னொன்று, கல்லாவிலிருந்து கைச்செலவுக்கு எடுக்கும் பழக்கம். மூட்டை தூக்குகிறவர் முதல் பில் போடுகிறவர் வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வேலைக்கு வெளி ஆள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்பார்களோ அதைச் சம்பளமாகப் பேசி, மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வாங்குங்கள். அண்ணன் தம்பி பாகம் பேசும் நாளில் யார் எவ்வளவு எடுத்தார் என்பதற்கு அந்தக் கணக்குதான் பேசும். முதல் வருடம் முழுக்கக் கொள்முதலில் கை வைக்க வேண்டாம். அடுத்த சித்திரையில் அந்தச் சிக்கிய பாக்கி குறைந்திருப்பதைப் பேரேட்டைத் திறந்து அப்பாவிடம் காட்டிவிட்டு, துவரம்பருப்போ சீனியோ ஒரே ஒரு சரக்கின் கொள்முதலை மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள்.