வானப் பின்னணியில் விழுந்த கோடுகள்

1920 பிக்சல் அகலத்துக்கு ஒரு இருண்ட பின்னணி செய்தேன். இடப்பக்கம் சாம்பல் மதிப்பு 20, வலப்பக்கம் 49. வழுவழுப்பாக வரவேண்டியது, திரைச்சீலை மடிப்பு போலக் கோடு கோடாகத் தெரிந்தது.

முதலில் பிளர் போட்டுப் பார்த்தேன். வீண் வேலை. சேனலுக்கு 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை முழு எண்கள்தான். 20க்கும் 49க்கும் இடையில் என்னிடம் இருந்தது மொத்தம் 30 படி. ஒவ்வொன்றும் சராசரியாக 64 பிக்சல் அகலப் பட்டை. பிளர் செய்தாலும் விடை மறுபடி அதே 30 எண்களுக்குள்தான் வந்து விழும்.

பழைய லேப்டாப்பில் இன்னும் மோசம். அதன் பேனல் 6 பிட், சேனலுக்கு 64 படிதான். நான்கு நான்கு பட்டைகள் ஒட்டி, சுமார் 256 பிக்சலுக்கு ஒன்றாகிவிட்டன.

அப்புறம் சாம்பல் மதிப்பு g-ஐத் தசமத்தில் கணக்கிட்டு, முழு எண்ணாக்கும் முன் சிறு இரைச்சல் சேர்த்தேன்:

```python
g = np.round(g + np.random.uniform(-0.5, 0.5, g.shape))
```

இப்போது 30.3 என்ற இடத்தில் பத்தில் மூன்று பிக்சல் 31, மீதி 30. கண் அதைச் சராசரியாக்கிக்கொள்கிறது. 8 பிட் திரையில் கோடு போயிற்று. லேப்டாப்பில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது, அரைப் படி இரைச்சல் அதற்குப் போதாது. ஜேபெக்கில் சேமித்தால் சுருக்கம் இந்த இரைச்சலையே துடைத்துவிடும், அதனால் பிஎன்ஜி.