விதைப்பையில் வலியும் வீக்கமும்: எபிடிடிமிஸ் அழற்சிக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விதையின் பின்புறத்தில் ஒட்டியபடி மேலிருந்து கீழாக ஓடும் சுருண்ட குழாய்க்கு எபிடிடிமிஸ் என்று பெயர். விதையில் உருவாகும் விந்தணுக்கள் இங்குதான் முதிர்ச்சி அடைகின்றன. சிறுநீர் வழியில் நுழைந்த கிருமிகள் விந்துக்குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி இக்குழாயை அடையும்போது அது வீங்கி வலிக்கத் தொடங்குகிறது. மருத்துவப் பணியைப் புதிதாகத் தொடங்குவோர் இந்நிலையில் உள்ள ஒருவரைப் பார்த்தால் எந்த வரிசையில் சிந்திக்க வேண்டும் என்பதையே இங்கு விளக்குகிறேன். நோயாளியாக இதைப் படிப்பவர் மருந்தின் அளவைப் பார்த்துத் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். ஏன் அது ஆபத்து என்பதற்கான காரணம் முதல் படியிலேயே இருக்கிறது.

முதல் படி: விதை முறுக்கம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

விதைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாண் திருகிக்கொள்வதே விதை முறுக்கம். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்து திருகலை விடுவித்தால் விதை பெரும்பாலும் பிழைத்துவிடும். அதற்குப் பிறகு கடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். அழற்சி என்று தவறாக நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் விதையை இழக்க நேரிடலாம்.

முறுக்கத்தின் வலி பெரும்பாலும் திடீரென்று, கடுமையாக, குமட்டலோடும் வாந்தியோடும் வரும். விதை மேலேறி, குறுக்காகக் கிடக்கலாம். தொடையின் உட்புறத்தை மெல்லத் தடவினால் அதே பக்கத்து விதை மேலெழ வேண்டும். முறுக்கத்தில் இந்த அனிச்சைச் செயல் பெரும்பாலும் இருக்காது. அழற்சியின் வலியோ ஓரிரு நாட்களில் படிப்படியாகக் கூடும். தொடக்கத்தில் விதையின் பின்புறத்தில் மட்டும் தொட்டால் நோகும், பிறகு விதையும் சேர்ந்து வீங்கிவிடுவதால் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போகும். விதைப்பையைத் தூக்கிப் பிடித்தால் வலி குறைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

டாப்ளர் அல்ட்ராசவுண்டில் அழற்சி உள்ள இடத்தில் இரத்த ஓட்டம் கூடியும், முறுக்கத்தில் குறைந்தோ இல்லாமலோ தெரியும். ஆனால் முறுக்கம் என்ற ஐயம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

இரண்டாம் படி: முதல் மாத்திரைக்கு முன் சிறுநீரைச் சேகரியுங்கள்

இரண்டு மாதிரிகள் தேவை. முதலில் வெளிவரும் சிறுநீரை ஒரு புட்டியில் பிடித்து, கொனோரியா, கிளமிடியா கிருமிகளின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரமாவது நோயாளி சிறுநீர் கழிக்காமல் இருந்திருப்பது நல்லது. அடுத்து, இடையில் வரும் சிறுநீரை வேறொரு புட்டியில் பிடித்து, கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு எடுத்தால் வளர்ப்புச் சோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: வயதை வைத்து ஊகியுங்கள், கேள்வி கேட்டு உறுதி செய்யுங்கள்

பாலுறவில் ஈடுபடும், 35 வயதுக்குக் குறைந்த ஆண்களிடம் கிளமிடியாவும் கொனோரியாவும் முதன்மைக் காரணங்கள். அதற்கு மேற்பட்ட வயதில் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள் முன்னால் வருகின்றன. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுவதும், சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டிருப்பதும், அண்மையில் அப்பகுதியில் கருவி நுழைத்துச் சிகிச்சை செய்திருப்பதும் அதற்கு வழிவிடுகின்றன. பருவமடையாத சிறுவர்களிடம் பாக்டீரியாவே காரணமாக இல்லாமல் இருப்பது மிகுதி. சிறுநீர்ச் சோதனை இயல்பாக இருந்தால், ஆன்டிபயாடிக் இன்றி ஓய்வும் வலிநிவாரணியுமே பெரும்பாலும் போதும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி இந்த ஊகத்தைப் பின்வருமாறு மருந்தாக மாற்றுகிறது. பாலுறவுத் தொற்று எனத் தோன்றினால், செஃப்ட்ரியாக்ஸோன் 500 மி.கி. ஒரே ஒரு ஊசியாகத் தசையில் போட்டு, அதோடு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. நாளுக்கு இருமுறை 10 நாட்கள் தர வேண்டும். குடல் கிருமி மட்டுமே காரணம் எனத் தோன்றினால், லிவோஃப்ளாக்சசின் 500 மி.கி. நாளுக்கு ஒருமுறை 10 நாட்கள். ஆசனவழிப் பாலுறவில் செலுத்தும் நிலையில் ஈடுபடுபவருக்கு இரு வகைக் கிருமிகளும் சாத்தியம் என்பதால், செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியோடு லிவோஃப்ளாக்சசின். உங்கள் பகுதியின் வழிகாட்டி வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வயது என்பது ஒரு குறிப்பு மட்டுமே. இதைப் புரியவைக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். 43 வயது ஆண் ஒருவருக்கு இரண்டு நாட்களாக வலப்பக்கம் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இலேசான காய்ச்சல். 35ஐத் தாண்டியவர் என்பதால் லிவோஃப்ளாக்சசின் மட்டும் தரப்படுகிறது. நான்காம் நாள் திரும்பி வரும்போது வீக்கம் குறையவேயில்லை. முதல் நாளே அனுப்பியிருந்த மாதிரியில் கொனோரியா, கிளமிடியா இரண்டும் இருப்பதாக முடிவு வருகிறது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு புதிய துணையோடு உறவு இருந்ததை அப்போதுதான் சொல்கிறார், ஏனெனில் அப்போதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. லிவோஃப்ளாக்சசின் கிளமிடியாவின் மீது வேலை செய்யும். ஆனால் அது சேர்ந்த மருந்துக் குழுவைப் பல இடங்களில் கொனோரியா எதிர்த்து நிற்கப் பழகிவிட்டதால், அவருக்கு வேண்டிய முதன்மை மருந்து தொடக்கத்திலேயே விடுபட்டுவிட்டது. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டு, டாக்ஸிசைக்ளின் தொடங்கிய பிறகு வலி தணிகிறது. முதல் நாளில் தனிமையில், கூச்சம் தராத குரலில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

இதே 43 வயதில், ஒரே துணையோடு வாழ்ந்து, சிறுநீர் முழுதாகப் போகாமல் தங்கும் தொல்லையும் உள்ளவருக்கு லிவோஃப்ளாக்சசின் சரியான தொடக்கமாக இருந்திருக்கும். அப்போதும் வளர்ப்புச் சோதனையின் முடிவைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் ஈ.கோலையும் இந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதுண்டு.

மருந்தைக் கொடுக்கும்போதே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லிவிடுங்கள். டாக்ஸிசைக்ளினை ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகலாம். லிவோஃப்ளாக்சசின் எடுக்கும்போது குதிகால் நரம்பு எனப் பேச்சில் சொல்லப்படும் தசைநாணில் வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

நான்காம் படி: வலியைத் தணியுங்கள்

கிருமி அழிந்தாலும் வீங்கிய திசு உடனே சுருங்காது. காய்ச்சலும் கடும் வலியும் நீங்கும்வரை படுத்து ஓய்வெடுக்க வேண்டும். படுக்கும்போது சுருட்டிய துண்டை விதைப்பைக்கு அடியில் வைத்து உயர்த்தலாம், எழுந்து நடக்கும்போது இறுக்கமான உள்ளாடை தாங்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடங்கள் வரை ஒற்றி எடுக்கலாம், தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். சிறுநீரக நோயோ வயிற்றுப் புண்ணோ உள்ளவருக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது.

பாலுறவுத் தொற்று என்றால், அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் உறவில் இருந்த துணைவர்களுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். இருவரின் சிகிச்சையும் முடிந்து அறிகுறிகள் நீங்கும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: 72 மணி நேரத்தில் மீண்டும் பாருங்கள்

மூன்று நாட்களில் காய்ச்சலும் வலியும் குறையத் தொடங்கியிருக்க வேண்டும். குறையவில்லை என்றால் மருந்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன், ஊகித்த காரணமே தவறா, சீழ்க்கட்டி உருவாகியுள்ளதா, விதைக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுள்ளதா என்று ஸ்கேனுடன் மறுபடி ஆராய வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல வளரும், அதிகம் வலிக்காத வீக்கமும், சிறுநீரில் வெள்ளணுக்கள் இருந்தும் வழக்கமான வளர்ப்பில் எதுவும் முளைக்காத நிலையும் காசநோயை நினைவூட்ட வேண்டும்.

வலி நின்ற பிறகும் தடிப்பு சில வாரங்கள் நீடிப்பது இயல்பே. 10 நாள் மருந்து முடிந்தும் வீக்கம் குறையாமலோ, விதையின் மேலேயே கெட்டியான கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும்.