தங்கம் விலை ஏறினால் வெறும் பாறையும் தாதுவாகும்: கட்-ஆஃப் கணக்கு, படிப்படியாக

நெல்லை டவுனில் நகைப் பட்டறைத் தூசியை வாங்கி, அரித்துத் தங்கத் துகள் எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்கை அரிக்கும் செலவுக்கு மேல் தங்கம் தேறினால்தான் அவர் அதைத் தொடுவார். தங்கம் விலை ஏறினால், முன்பு ஒதுக்கிய சாக்கும் லாபத்துக்கு வந்துவிடும். ஒரு டன் பாறையில் குறைந்தது எத்தனை கிராம் தங்கம் இருந்தால் செலவு தேறும் என்ற கோடுதான் சுரங்கத்தின் கட்-ஆஃப் தரம். அதுவும் இந்தக் கணக்குதான்.

படி 1: ஒரு டன்னின் செலவு

வெட்டி, மேலே ஏற்றி, அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கம் பிரிக்க டன்னுக்கு 9,000 ரூபாய் என்று வைப்போம். இங்கே வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்தவை.

படி 2: ஒரு கிராமுக்குக் கையில் வருவது

பாறையில் இருக்கும் தங்கம் முழுதும் கைக்கு வராது. 90 சதவீதம் மீள்வதாகக் கொண்டால், கிராம் 5,000 ரூபாய் விற்கும்போது நமக்கு வருவது 4,500 தான். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

படி 3: வகுத்தல்

கட்-ஆஃப் = டன் செலவு ÷ (கிராம் விலை × மீட்பு விகிதம்)

9,000 ÷ 4,500 = 2. டன்னுக்கு 2 கிராமுக்குக் குறைந்த பாறை கழிவு. விலை 10,000 ஆனால் 9,000 ÷ 9,000 = 1. பாறை மாறவில்லை, கோடுதான் கீழே இறங்கியது.

படி 4: எவ்வளவு தாது கூடுகிறது?

சுரங்கத்தில் 3 கிராம் தரத்தில் 1 லட்சம் டன், 1.5 கிராம் தரத்தில் 2 லட்சம் டன் இருக்கிறது என்போம். குறைந்த தரப் பாறைதான் பொதுவாக அதிகம் இருக்கும். பழைய விலையில் முதல் பகுதி மட்டும் தாது. அதில் 300 கிலோ தங்கம். புதிய விலையில் இரண்டுமே தாது: 3 லட்சம் டன், 600 கிலோ.

இப்போது சராசரித் தரம் 3-இலிருந்து 2 கிராமாக இறங்கிவிட்டதைக் கவனியுங்கள். ஆலை ஆண்டுக்கு 1 லட்சம் டன்தான் அரைக்கும், இரண்டையும் கலந்தே அரைக்கிறது என்றால், முன்பு 270 கிலோ எடுத்த இடத்தில் இனி ஆண்டுக்கு 180 கிலோதான். விலை ஏறியும் உற்பத்தி குறைகிறதே என்று பலர் குழம்புவது இங்கேதான். சுரங்கம் கெடவில்லை, 1 வருட ஆயுள் 3 வருடமாக நீண்டிருக்கிறது.

படி 5: செலவைத் திரும்பப் பாருங்கள்

கிராம் விலை 10,000-இலேயே நிற்க, டீசல், கூலி, சயனைடு எல்லாம் ஏறி டன் செலவு 13,500 ஆனால் கட்-ஆஃப் 1.5. அந்த 2 லட்சம் டன்னும் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும். அதனால் நிறுவனங்கள் அன்றாட விலையை வைத்துத் திட்டம் போடுவதில்லை. நீண்டகால விலை ஒன்றை அனுமானிக்கின்றன. ஒரு சுரங்கத்தின் இருப்பு அறிக்கையைப் படித்தால் முதலில் அந்த அனுமான விலையைத் தேடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே மேலே கொண்டுவந்து கொட்டிய பாறைக்கு வெட்டும் செலவு முடிந்த செலவு. அரைத்துப் பிரிக்க மட்டும் 4,500 என்றால், கிராம் 10,000 விற்கும்போது அதன் கட்-ஆஃப் வெறும் அரை கிராம். 2001-இல் மூடிய கோலார் தங்க வயலில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த கழிவு மண்மேடுகளைத் திரும்ப அரிக்கலாமா என்ற பேச்சு எழுவதும் இந்தக் கணக்கால்தான்.